செக்கு சுத்துச்சு, காசு சுத்தலை

வா சாமி, உக்காரு. பையை அக்கட்டால வெய்யி. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியைத் தொறக்க வேண்டாம், எனக்குக் கண்ணு கூசும். வாயில சொல்லு, போதும்.

மரச்செக்கு போடப் போறேன்னு உங்கப்பன் சொன்னான். பேரு வெச்சாச்சாமா? பேருக்கு ஒரு படமும் வரைஞ்சாச்சாமா? நீ போட்டிருக்கற பனியன்லயே அச்சடிச்சிருக்குதே, அதானா அது? நெம்ப அழகு. பருப்பு எங்க வாங்கறது, எந்த மாசம் வாங்கறது, அதுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அது இன்னும் முடிவாகலையா? சரி சரி, அவசரம் என்ன. முக்கியமான வேலையெல்லாம் முடிஞ்சு போச்சே.

சிரிக்கறேன்னு நெனைக்காத கண்ணு. நானும் செக்கு போட்டு மூடுனவன்தான். இப்பெல்லாம் தொழில்ல தோத்தவங்க மேடை போட்டுப் பேசறாங்களாமா? தோத்துட்டு வந்தா மாலை போடறாங்கங்கறான் உங்கப்பன். எனக்கு அந்த வாய்ப்பு வரலை. நான் கடையைச் சாத்துன நாள்ல பருப்பு மண்டிக்காரர் பாக்கியைக் கையில புடிச்சுட்டு நின்னாரு. அவருக்கு மாலை வேண்டாம், காசு வேணும்னாரு.

நாம தோத்த கதைல அழுகாச்சி ஒன்னும் இல்லை. மழை பொய்க்கலை, எவனும் ஏமாத்தலை, எண்ணெய் மோசமில்லை. வாங்குனவங்க இன்னைக்கும் வழியில பாத்தா, "அந்தக் கடலெண்ணெய் மாதிரி வராதுங்க"ங்கறாங்க. அப்புறம் எப்படிடா தோத்தேன்னு கேக்கறியா? அதைத்தான் சொல்லப் போறேன். கணக்கு நோட்டு இன்னும் பரண்ல இருக்குது. எழுதுனது உங்க ஆத்தா. நான் வாயாலயே கணக்குப் போட்டவன்.

மொதல்ல காகிதத்துல போட்ட கணக்கைக் கேளு. அதுல நான் ராசா.

கணக்குச் சுளுவா இருக்கட்டும்னு நிலக்கடலைப் பருப்பு கிலோ 100 ரூவான்னு வெச்சுக்க. வாகை மரத்து உரல், ஒரு நடைக்கு 20 கிலோ ஆடும். மோட்டாருதான் சுத்தும், மாடு கெடையாது. நம்ம லேபிள்ல மட்டும் ரெண்டு காளை இருந்துச்சு. பேரன் வரைஞ்சது. கடைக்கு வந்தவங்க எட்டிப் பாத்துட்டு, "மாடு எங்கீங்க?"ன்னு கேப்பாங்க. மேய்ச்சலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லிட்டு இருந்தேன். எத்தனை நாளைக்கு மேய்ச்சல்?

ஒரு நடை ஆட ஒரு மணி நேரம். 20 கிலோ பருப்புக்கு 8 கிலோ எண்ணெய் வந்தா நல்ல பருப்பு. எண்ணெய் தண்ணியைவிட லேசு, ஒரு லிட்டரு 910 கிராம்தான் நிக்கும். அதனால 8 கிலோங்கறது லிட்டர்ல 8.8 வரும். வெயில்ல வெச்சுத் தெளிய விட்டு அடிக்கசடு போக, புட்டியில ஊத்த 8.5 லிட்டர் நிக்கும். மிச்சம் 11 கிலோ புண்ணாக்கு. அது கிலோ 40க்குப் போனா 440 ரூவா.

இப்பப் பாரு. பருப்பு 2,000. அதுல புண்ணாக்கு 440 கழிஞ்சா 1,560. கரண்டு 25. ஆளுக்கு நாள் கூலி 600, நாளைக்கு 6 நடைன்னா நடைக்கு 100. புட்டி, மூடி, லேபிள் லிட்டருக்கு 15, அது ஒரு 128. ஆக 1,813. அதை 8.5 லிட்டருக்கு வகுத்தா லிட்டரு 213 ரூவா அடங்கும். ஊட்டு வாசல்ல 250க்கு வித்தேன். லிட்டருக்கு 37 ரூவா கையில நிக்குது.

நாளைக்கு 6 நடை, 51 லிட்டரு. மாசம் 26 நாளுன்னா 1,326 லிட்டரு. 37ஆல பெருக்கு. 49,000 ரூவா! கடை வாடகை 6,000 போனாலும் 43,000. எங்கப்பன் காலத்துல இருந்து வெள்ளாமை பண்ணி இப்படி ஒரு மாசத்தைப் பாத்ததில்லை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. உங்க ஆத்தாகிட்ட, "ஒரு கறவை மாட்டை வித்துரலாமா, இனி எதுக்கு?"ன்னு கேட்டேன். அவ, "மொதல்ல 51 லிட்டரு வித்துட்டு வாங்க, அப்புறம் மாட்டைப் பாக்கலாம்"ன்னா. அவளுக்குப் படிப்பு அஞ்சாவதுதான்.

உன்ற பொட்டியிலயும் இந்தக் கணக்குத்தானே இருக்குது? கலரு கலராக் கம்பம் நட்டு, வருசா வருசம் மேல போற மாதிரி? இருக்கட்டும். தப்பில்லை. பெருக்கலும் வகுத்தலும் ஒரு நாளும் பொய் சொல்லாது. நாளைக்கு 6 நடைங்கறது மட்டுந்தான் பொய்.

செக்கு 6 நடை ஆட்டும், அது மெய்தான். ஆனா 51 லிட்டரை அன்னாடம் வாங்கறது யாரு? ஒரு குடும்பம் மாசத்துக்கு 3 லிட்டரு கடலெண்ணெய் வாங்கும்னு வையி. அதுவும் நெனச்சப்ப நல்லெண்ணெய்க்குப் போயிரும், விருந்து வந்தாப் பாமாயிலுக்குப் போயிரும். 1,326 லிட்டரு விக்கோணும்னா 440 ஊடு நம்மகிட்ட மட்டுமே வாங்கோணும். எங்க ஊர்ல ஊடு எத்தனைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எண்ணலை பாரு.

"வைத்தியனுக்குக் குடுக்கறதை வாணியனுக்குக் குடு"ன்னு லேபிள்ல போட்டோம். எல்லாருந்தான் போடறாங்க. சனம் படிச்சுட்டுத் தலையாட்டும். அப்புறம் மளிகைக் கடையில பாதி வெலைக்குப் பாக்கெட் எண்ணெய் வாங்கும். அது அவங்க குத்தமா? மாசச் செலவுன்னு ஒன்னு அவங்களுக்கு இருக்குதில்ல?

நடந்த விற்பனை மாசம் 400 லிட்டரு. அதுக்கே நெம்பப் பெருமை எனக்கு. 400ங்கறது சின்ன வியாபாரமில்லை கண்ணு. ஆனா 400 லிட்டருக்கு 47 நடைதான். நாளைக்கு ரெண்டு நடைகூட முழுசா இல்லை. செக்கு ரெண்டு மணி நேரம் ஓடிட்டு நிக்கும். ஆளு நிப்பானா? நிப்பான், கூலி நிக்காது. 600 ரூவா அவனுக்குச் சாயங்காலம் குடுத்தே ஆகோணும். கூலிக்கு வந்தவன் என்ன பண்ணுவான், நம்ம கடையில கூட்டமில்லைன்னா அவன் புள்ளைகளுக்குப் பசிக்காதா? மாசம் 15,600. அதை 47 நடைக்கு வகுத்தா நடைக்கு 332 ரூவா. காகிதத்துல நான் 100ன்னுல்ல எழுதுனேன்?

இந்த ஒரு வரிதான் என்னைச் சாய்ச்சுது. மத்ததெல்லாம் சாஞ்சவன் மேல ஏறி மிதிச்சது.

மேல வா. அந்த 400ல ஊட்டு வாசல்ல வித்தது 150தான். 250 லிட்டரு கடைகளுக்குப் போட்டது. கடைக்காரன் 250க்கு வாங்குவானா? அவனும் 250க்குத்தானே விக்கோணும்? நமக்கு 220 குடுத்தான். 213 அடங்கறதை 220க்குக் குடுத்தா லிட்டருக்கு 7 ரூவா. கூட்டிப் பாரு: வாசல்ல 150க்கு 5,550, கடைகள்ல 250க்கு 1,750. ஆக 7,300 ரூவா. அதுல சும்மா நின்ன கூலி 10,900 போகோணும். வாடகை 6,000 போகோணும். மாசம் 9,600 ரூவா கைநட்டம். இதுல என் கூலி இல்லை, உங்க ஆத்தா கூலி இல்லை, போட்ட மொதலுக்கு வட்டி இல்லை.

இது தெரியாமயா ஒரு வருசத்துக்கு மேல ஓட்டுனீங்கன்னு கேப்ப. கேக்கோணும், அதுதான் கேள்வி.

தெரியலை சாமி. ஏன்னா கல்லாவுல காசு இருந்துச்சு. அன்னாடம் சாயங்காலம் எண்ணுவேன், நோட்டு நோட்டா இருக்கும். அது லாபமுன்னு நெனச்சேன். அது பருப்பு மண்டிக்காரர் காசு. அவரு நமக்கு ஒரு மாசத் தவணையில பருப்பு குடுத்தாரு, நாம அதை ஆட்டி வித்து அந்தக் காசுல ஆளுக்குக் கூலியும் வாடகையும் குடுத்துட்டு, அடுத்த மாசத்துப் பருப்புல வர்ற காசை எடுத்து இந்த மாசத்துப் பருப்புக்குக் கட்டுனோம். விற்பனை ஏற ஏற மண்டிக்காரரும் எச்சாக் குடுத்தாரு, அதனால ஓட்டை தெரியவே இல்லை. என்னைக்கு விற்பனை நிலையா நின்னுச்சோ, அன்னைக்குத் தெரிஞ்சுது. மாசக் கடைசியில அவருக்குக் குடுக்க 40,000 துண்டு விழுந்துச்சு. வளர்ற வரைக்கும் மறைச்சு வெக்கற நோய் இது. உங்க ஆளுக இதைத்தான் வளர்ச்சின்னு கைதட்டறாங்களா என்னமோ, எனக்குத் தெரியாது.

உனக்கு ஒரு வழி சொல்றேன். மாசத்துல ஒரு நாள் மூனையும் எழுது. கையில இருக்கற காசு, கடைகள்ல இருந்து மெய்யா வரப்போற பாக்கி, மூட்டையில இருக்கற பருப்பும் பீப்பாயில இருக்கற எண்ணெயும் வாங்குன வெலைக்கு. இந்த மூனையும் கூட்டி, மண்டிக்காரருக்கும் பேங்குக்கும் குடுக்க வேண்டியதைக் கழி. போன மாசத்தைவிட அந்தத் தொகை கொறஞ்சிருக்குதா? அப்படின்னா நீ சாப்பிட்டுட்டு இருக்கறது லாபத்தை இல்லை, மொதலை. உங்க ஆத்தா இதை எட்டாவது மாசம் ஒரு பழைய காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதிக் காட்டுனா. எனக்குப் புடிக்கலை. "உனக்கு யாவாரம் தெரியுமா?"ன்னேன். அவ ஒன்னும் பேசலை. புட்டி கழுவப் போயிட்டா. அப்புறம் திரும்பி வந்து, "புட்டி கழுவற எனக்கு எந்த எடத்துல கூலி எழுதியிருக்கறீங்க?"ன்னு ஒன்னு கேட்டா பாரு, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லலை.

இப்பக் கடைப் பாக்கி. கடைக்காரன் புட்டியை வாங்கி அடுக்கிட்டு, "வித்தப்புறம் தர்றேனுங்க"ம்பான். 45 நாள் ஆகும். நாம அந்த எண்ணெய்க்குப் பருப்பு வாங்கி 30 நாள்ல காசு குடுக்கோணும். நடுவுல இருக்கற 15 நாளுக்கும், ஆட்டறதுக்கும் தெளிய விடறதுக்கும் ஆகற நாளுக்கும் யாரு பணம் போடறது? நாமதான். அப்ப நாம எண்ணெய் விக்கலை கண்ணு, கடைக்காரனுக்கு வட்டியில்லாக் கடன் குடுத்துட்டு இருந்தோம். லிட்டருக்கு 7 ரூவா கமிஷனுக்கு.

அதுலயும் ஒரு வேடிக்கை. நம்ம புட்டி அழகா இருக்குதுன்னு ஒரு கடைக்காரரு வெயில் அடிக்கற பக்கமா மொத வரிசையில அடுக்கி வெச்சாரு. கண்ணாடியாட்ட தெரியற புட்டி. செக்கெண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. ரெண்டு மாசத்துல சிக்கு வாடை வந்துருச்சு. அத்தனையும் திரும்பி வந்துச்சு. எங்க பாட்டி காலத்துல எண்ணெயை எதுல வெச்சாங்க? வெளிச்சம் போகாத மண் ஜாடியில, இருட்டு மூலையில. நாமதான் எண்ணெய் நெறம் தெரியோணும்னு பளபளன்னு புட்டி வாங்குனோம். தகரத்துலயோ கறுத்த புட்டியிலயோ ஊத்தியிருந்தா எச்சாச் செலவு, ஆனா திரும்பி வராது. ஆட்டறப்பத் தெளிக்கற தண்ணியும் அப்படித்தான். கடலைக்குச் சித்தெ தண்ணி, எள்ளுக்குக் கருப்பட்டி, அப்பத்தான் புண்ணாக்கு கட்டி எண்ணெய் பிரியும். அவசரப்பட்டு ஒரு கை எச்சாத் தெளிச்சா எண்ணெய் கலங்கும், தெளிய நாளாகும், சீக்கிரம் கெடும். ஆளு புதுசா இருந்தப்ப அதுவும் நடந்துச்சு.

பருப்பு வெலை ஏறறதைப் பத்தி யாராச்சும் உனக்குச் சொன்னாங்களா? கிலோவுக்கு 15 ரூவா ஏறுதுன்னு வையி. சந்தையில அது சர்வ சாதாரணம். 15 ரூவாதானேன்னு நீ நெனப்ப. ஒரு நடைக்கு 20 கிலோ, 300 ரூவா ஏறுது. அது 8.5 லிட்டருக்குப் பிரிஞ்சா லிட்டருக்கு 35 ரூவா. நம்ம வாசல் லாபம் எவ்வளவு? 37. ஒரே வாரத்துல போச்சு. கடைக்குக் குடுத்ததுல கைக்காசு போட்டுக் குடுத்தோம். சரி வெலையை ஏத்தலாம்னு 285ன்னு எழுதுனேன். "போன மாசம் 250தானுங்களே"ன்னாங்க. பருப்பு வெலை ஏறுனது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க பருப்பா வாங்கறாங்க?

அதனால மகசூல் வர்றப்ப மலிவா வாங்கி வெச்சுக்கலாம்னு யோசனை. நல்ல யோசனைதான், ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச யோசனை. மாசம் 940 கிலோ வேணும். ஆறு மாசத்துக்கு வாங்கி வெக்கோணும்னா அஞ்சரை லட்சத்துக்கு மேல ஆகும். அத்தனை எங்க இருக்குது? கடன் வாங்கி 2 டன் வாங்குனேன். ரெண்டு லட்சம். தோலெடுத்த பருப்பா வாங்குனேன், உடனே ஆட்டலாமேன்னு. அங்கதான் வெள்ளாமைக்காரன் நானே மண்ணைத் தின்னேன். கடலைக்காய எங்கப்பன் எப்படி வெச்சிருந்தாரு? ஓட்டோட. ஓடுதான் அதுக்குச் சட்டை. காதுகிட்ட ஆட்டிப் பாத்துக் கலகலன்னு சத்தம் வந்தாத்தான் குதிர்ல போடுவாரு. நூறு கிலோ காய உடைச்சா எழுவது கிலோ பருப்பு, தேவைப்பட்டப்ப உடைச்சுக்கலாம். நான் உடைச்ச பருப்பை மூட்டையில, சிமிட்டித் தரையில, பலகைகூடப் போடாம அடுக்கி வெச்சேன்.

ஐப்பசி மழை. அப்புறம் மார்கழிப் பனி. தை மாசம் மூட்டையப் பிரிச்சா அடி மூட்டையில பூசணம். 200 கிலோ. 20,000 ரூவா.

இதைக் கேட்டுக்க, இது வெளையாட்டு இல்லை. பூசணம் புடிச்ச கடலையில அப்லாடாக்சின்னு ஒரு நஞ்சு சேரும், ஈரலைக் கெடுக்கும். அடுப்புல வெச்சு வதக்குனாலும் எளிதுல போகாது. ஆலையில எண்ணெயைச் சுத்தம் பண்றப்ப அது போயிரும், செக்குல அந்த வேலை கெடையாது. அதனால கொஞ்சம் எண்ணெய்லயும், மிச்சமெல்லாம் புண்ணாக்குலயும் நிக்கும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டுல இருந்து பாலுக்கு வரும். ஒருத்தன் வந்து, "கிலோ 30க்குக் குடுங்க, நல்லதோட கலந்து ஆட்டிக்கறேன்"னான். எனக்கு அந்தப் பருப்புல 6,000 ரூவா தெரிஞ்சுது. உங்க ஆத்தாளுக்கு ஊர்ப் புள்ளைக தெரிஞ்சாங்க. குழி வெட்டிக் கொட்டுனோம். சுத்த எண்ணெய்னு லேபிள்ல போட்டவன் அதைக் கலந்தா, அப்புறம் அந்த ரெண்டு காளையும் என்னை முட்டாதா?

நாம ஏளனம் பண்ண ஒன்னு இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன். கடை தொறந்த புதுசுல சாக்குல கடலையக் கட்டிட்டுச் சனம் வரும். "கூலிக்கு ஆட்டிக் குடுங்க சாமி, எங்க கடலை"ம்பாங்க. கிலோவுக்கு 10 ரூவா. நான் முடியாதுன்னுட்டேன். நாம பிராண்டு இல்ல? பேரு போட்ட புட்டி விக்கற எடத்துல சாக்கு மூட்டையும் சைக்கிளும் நின்னா மரியாதை என்ன ஆகறதுன்னு பேரனும் சொன்னான், எனக்கும் இனிச்சுது. வந்தவங்க அடுத்த ஊருச் செக்குக்குப் போனாங்க. அவருக்குப் பலகையும் இல்லை, லேபிளும் இல்லை. அவரு மூனு மகசூலுக்கும் மாசத்துல பாதி நாள் வரிசை கட்டி ஆட்டிட்டு இருந்தாரு.

அப்புறமாக் கணக்குப் போட்டேன். 20 கிலோ ஆட்டுனா 200 ரூவா கூலி. கரண்டு 25, ஆளு 100 போனா 75. நான் கடைக்குப் போட்டதுல ஒரு நடைக்கு எவ்வளவு? எட்டரை லிட்டரு, 7 ரூவா. 60 ரூவா. அதுக்கு 2,000 ரூவாய்க்குப் பருப்பு வாங்கி, புட்டி வாங்கி, 45 நாள் காத்திருந்து, சிக்கு வாடை அடிச்சுத் திரும்பி வந்ததை வேற வாங்கிக்கோணும். அவருக்குப் பருப்பு ஊர்க்காரங்களுது, வெலை ஏறுனா ஊர்க்காரங்களுக்கு ஏறும், பூசணம் புடிச்சா ஊர்க்காரங்களுக்குப் புடிக்கும். கூலி மட்டும் சாயங்காலம் ரொக்கம். என் ஆளு சும்மா உக்காந்திருந்த நாலு மணி நேரத்துல அந்தச் சாக்குகளை ஆட்டியிருந்தாலே அவன் கூலி தன்னால வந்திருக்கும். 15,600ங்கற பூதம் கூலிக்காரன் இல்லைடா, நான் வேண்டாம்னு அனுப்புன சாக்கு மூட்டை.

மானியம் வருதுன்னு சொல்ற. வருது, நல்லதுதான். 2020ல ஆரம்பிச்ச குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்துல நூத்துக்கு 35 பங்கு, அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும்னு வெச்சாங்க. ஆனா அந்தப் பணம் உன்ற கையில வராது, தெரியுமா? உன்ற கடனுக்குப் பக்கத்துல பேங்க்லயே தனியாக் கெடக்கும். மூனு வருசம் தவணை தவறாமக் கட்டுனாத்தான் கடன்ல கழியும். அதுக்குள்ள கடையைச் சாத்துனா? போ, நீயே படிச்சவன். அதை வெச்சு மாசச் செலவுக்குக் கணக்குப் போட்டிருந்தீன்னா இப்பவே அழிச்சுப் போடு. செக்கு பெருசா வாங்கறதுக்குத்தான் மானியம் தூண்டும். எனக்கு 20 கிலோ செக்கே முக்கால் நாள் தூங்குச்சு. நீ ரெண்டு செக்கு வாங்கறேங்கற. ரெண்டும் ஒன்னுக்கொன்னு பேச்சுத் துணையா இருக்கட்டும்னா?

போட்டது நாலரை லட்சம். செக்குக்கே 2 லட்சம். சாத்தறப்ப 90,000க்குப் போச்சு. ஓடாம இருந்த உரல்ல வெடிப்பு விட்டிருந்துச்சு, மரத்துக்கு எண்ணெய் ஊறிட்டே இருக்கோணும். மிச்சமிருந்த புட்டி, பீப்பா, தராசு, வர வேண்டிய பாக்கியில வந்தது எல்லாம் சேத்தா ஒன்னரைக்குப் பக்கம். மூனு லட்சம் போச்சு. மண்டிக்காரருக்குப் பாக்கியில்லை. பேங்குக்கு இல்லை. ஆளுக்குக் கடைசி நாள் கூலி வரைக்கும் குடுத்தாச்சு. ரெண்டு கடைக்காரங்க இன்னும் பாக்கி வெச்சிருக்காங்க. கல்யாணத்துல பாத்தா அக்கட்டால திரும்பிக்கறாங்க. திரும்பட்டும், பாவம். அவங்க கடையிலயும் எவனோ தவணை சொல்லியிருப்பான்.

நட்டத்துலயே நெம்ப எச்சா எதுன்னா, சாத்தறதுன்னு உங்க ஆத்தா சொன்ன நாளுக்கும் நான் சாத்துன நாளுக்கும் நடுவுல ஓட்டுன மாசங்க. மாசம் ஒன்னுக்கு 9,600. அது எதுக்குன்னு தெரியுமா? பலகையை எறக்கறப்ப ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு. எறக்குனப்ப என்ன சொன்னாங்க? ஒருத்தரு வந்து, "அந்தப் பலகை நல்ல தகரமாட்ட இருக்குது, கோழிக் கூண்டுக்குக் குடுப்பீங்களா?"ன்னாரு. அவ்வளவுதான். குடுத்தேன். காளை ரெண்டும் இப்பக் கோழிக்குக் காவல் நிக்குது.

என்ன, மொகம் சுண்டிப் போச்சு? செக்கு போட வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. உங்கூருச் சுத்துவட்டத்துல கடலை போடறது எத்தனை ஊடு, எள்ளு போடறது எத்தனை ஊடு, அவங்க இப்ப எங்க போயி ஆட்டறாங்க, என்ன கூலி குடுக்கறாங்க, மொதல்ல அதைக் கேட்டு எழுதிட்டு வா. மகசூல் எறங்குனதும் அடுத்த ஊருச் செக்குக்குப் போயி ஒரு மாசம் கூலிக்கு நில்லு. பனியனைக் கழட்டி வெச்சுட்டுப் போ, எண்ணெய் பட்டா அந்தப் படம் அழிஞ்சுரும். அவருகிட்ட நாளைக்கு எத்தனை நடை ஓடுதுன்னு கேக்காத, பொழுதுக்கும் நின்னு எண்ணு. எண்ணிட்டு வந்தப்புறம் அந்தப் பொட்டியைத் தொற, நானும் கண்ணாடி போட்டுட்டுப் பாக்கறேன்.

ஏ புள்ளே, தம்பிக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் குடு. அந்தக் கணக்கு நோட்டைப் பரண்ல இருந்து எடுத்தாரச் சொன்னா எடுத்தாருவியா? என்னது? ஏணி புடிக்கறதுக்குக் கூலியா?